திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு

நேயர்களுக்கு வணக்கம். சினிமாவில் டி.ஐ. என்று சொல்கிற வண்ணச் சீரமைப்பு வேலை பார்ப்பவன் நான். நாளெல்லாம் மானிட்டர் முன்னால்தான் இருப்பேன். ஆனால் அந்த அறை கும்மிருட்டாக இருக்காது. மானிட்டருக்குப் பின்சுவரில் சாம்பல் வர்ணம் அடித்து, அதன்மேல் மெல்லிய வெள்ளை வெளிச்சம் படும்படி வைத்திருப்போம். அதற்குப் பெயர் பயஸ் லைட்.

அக்கா வீட்டில் 43 அங்குல எல்.இ.டி. டிவி. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் படம் பார்ப்பார்கள். "கறுப்பெல்லாம் சாம்பலாத் தெரியுது, படம் முடியறதுக்குள்ள கண்ணு எரியுதுடா" என்றார் அக்கா. டிவியில் பழுது எதுவும் இல்லை. அந்த வகைத் திரையில் கறுப்புக் காட்சியிலும் பின்விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் கசியும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தக் கசிவு பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

நம் கண் எதையும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடும். தனியாகப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும் வேட்டி, புது வேட்டிக்குப் பக்கத்தில் பழுப்பாகிவிடும் இல்லையா? அதுபோல, திரையைச் சுற்றி லேசான வெளிச்சம் இருந்தால் அந்தச் சாம்பல் கறுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். திரையின் கறுப்பு உண்மையில் மாறவே இல்லை. கருவி வைத்து அளந்தால் பழைய அளவுதான் வரும். மாறுவது கண்ணின் கணக்கு மட்டும்தான்.

கண் அயர்ச்சி குறைவதற்குக் காரணம் வேறு. இருட்டறையில் காட்சி இரவிலிருந்து வெயிலுக்குத் தாவும்போதெல்லாம் கண்ணின் பாவை விரிந்து சுருங்குகிறது. இரண்டரை மணி நேரம் இதே வேலை. சுவரில் ஒரே சீராக வெளிச்சம் நின்றால் அந்த ஏற்ற இறக்கம் குறையும். ஆனால் இமைக்காமல் பார்ப்பதால் வரும் கண் வறட்சியை இது தீர்க்காது.

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம். மருமகன் ஏற்கெனவே ரிமோட்டில் நிறம் மாறும் எல்.இ.டி. பட்டை ஒன்று வாங்கி ஒட்டியிருந்தான். அதில் வெள்ளையை வைத்தாலும் சுவரில் நீலம் ஓடியது. சுவர் நீலமாக இருந்தால் திரையில் முகங்கள் மஞ்சள் பூத்துத் தெரியும். அதை எடுத்துவிட்டு, டிவி படங்களின் வெள்ளையோடு ஒத்துப்போகும் 6500 கெல்வின் வெள்ளைப் பட்டை 2 மீட்டர் வாங்கினோம். வாங்கும்போது, விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்கிற சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். டிவியின் மேல்பக்கமும் இரு பக்கமும், ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்தள்ளி ஒட்டினோம். உட்கார்ந்த இடத்திலிருந்து பட்டை கண்ணில் படக்கூடாது, சுவரில் விழும் வெளிச்சம் மட்டும்தான் தெரிய வேண்டும்.

போட்டுப் பார்த்தால் நடிகர்கள் எல்லார் முகத்திலும் சிவப்பு ஏறியிருந்தது! பட்டையில் குறை இல்லை. அந்தச் சுவர் இளம்பச்சை. வெள்ளை வெளிச்சம் அதில் பட்டுப் பச்சையாகத் திரும்பியது, அதை ஈடுகட்டக் கண் முகங்களைச் சிவப்பாக்கியது. டிவிக்குப் பின்னால் வெள்ளைச் சார்ட் அட்டைகளை ஒட்டியதும் முகங்கள் சரியாகிவிட்டன. டிவியின் படமுறையையும் 'விவிட்'டிலிருந்து சினிமாவுக்கு மாற்றினேன். விவிட் முறையில் டிவியின் வெள்ளையே நீலமாக இருப்பதால் சுவரோடு ஒத்துப்போகாது.

அப்புறம் வெளிச்சத்தின் அளவு. திரையின் முழு வெள்ளையில் சுமார் 10 சதவீதம் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. அதற்கு மீட்டர் வேண்டாம். கணினியில் பெயின்ட்டைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 90 என்று கொடுத்து, முழுக்கச் சாம்பலாக ஒரு படம் செய்யுங்கள். உச்ச அளவு 255. அதில் 90 மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்று தோன்றும், ஆனால் திரையில் வரும் வெளிச்சம் ஏறத்தாழ 10 சதவீதம்தான். அதைப் பென்டிரைவில் போட்டு டிவியில் காட்டுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சுவரும் அந்தச் சாம்பலும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பட்டையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். அக்கா வீட்டில் நிறையவே குறைக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் அதிகமானால் கண் அதன் பின்னால் போகும், திரையும் மங்கலாகத் தெரியும்.

குறைத்த பிறகு போன் கேமராவைச் சுவர்ப்பக்கம் காட்டிப் பாருங்கள். போன் திரையில் கருங்கோடுகள் ஓடினால் அந்தப் பட்டை வேகமாக மினுக்குகிறது என்று அர்த்தம். மினுக்கல் சிலருக்குத் தலைவலி தரும், வேறு டிம்மர் மாற்றிவிடுவது நல்லது.

ஓலெட் டிவி வைத்திருப்பவர்களுக்குக் கறுப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது, அதன் கறுப்பு ஏற்கெனவே கறுப்புதான். கண்ணுக்குக் கிடைக்கும் ஆறுதல் மட்டும் அதிலும் உண்டு.

எல்லாம் முடிந்ததும் ஓர் இரவுக் காட்சியை ஓடவிட்டு, பட்டையை ஒரு தடவை அணைத்தேன். கிணற்றடி இருட்டாக இருந்த இடத்தில் சாம்பல் படர்ந்தது. "அதைப் போட்டுட்டு உட்காரு" என்றார் அக்கா.