‘தெரியாதா’வும் ‘மௌனமா’வும்: கண்ணதாசன், நா. முத்துக்குமார்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ரெண்டே பாட்டுதான். ரெண்டுமே பிரிவைப் பத்தினது, ரெண்டுமே ‘நினை’ங்கிற வினையிலதான் தொடங்குது. ஒண்ணு 1963-ல வந்த ‘ஆனந்த ஜோதி’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதின ‘நினைக்கத் தெரிந்த மனமே’. இன்னொண்ணு 2004-ல வந்த ‘7ஜி ரெயின்போ காலனி’க்கு நா. முத்துக்குமார் எழுதின ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’.

முதல்ல கண்ணதாசன். “நினைக்கத் தெரிந்த மனமே, உனக்கு மறக்கத் தெரியாதா?” ஆறு சொல்லு. அதுக்குள்ள ஒருத்தரைக் கூப்பிட்டாச்சு, கேள்வி கேட்டாச்சு, வாக்கியமும் முடிஞ்சாச்சு. அடுத்த வரி “பழகத் தெரிந்த உயிரே, உனக்கு விலகத் தெரியாதா?” அதே அச்சு, அதே ஆறு சொல்லு. இப்படியே பாட்டு முழுக்கப் போகுது. இதுல வர்ற பெயர்ச்சொல்லை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. மனம், உயிர், கண், அன்பு. கையில எடுத்துக் காட்டுற பொருள் ரொம்பக் கம்மி. பாரம் முழுக்க வினையிலதான் இருக்கு. நினைக்க–மறக்க, பழக–விலக. எதிரும் புதிருமா ரெண்டு வினையை நிறுத்தி, நடுவுல பாடுற பொண்ணை நிக்க வச்சிடுறார்.

இப்ப முத்துக்குமார். “அமர்ந்து பேசும் மரங்களின் நிழலும் உன்னைக் கேட்கும், எப்படிச் சொல்வேன், உதிர்ந்து போன மலரின் மௌனமா?” ஒரே மூச்சுல பன்னிரண்டு சொல்லு. கண்ணதாசன் ரெண்டு வாக்கியம் முடிச்சிருப்பார். இங்க நடுவுல ‘கேட்கும்’, ‘சொல்வேன்’னு வினை வந்தாலும் பேச்சு முடியவே இல்ல. கடைசியில வினையே கிடையாது, ‘மௌனமா’ன்னு பெயர்ச்சொல்லுல தொங்குது.

இந்த இடத்துலதான் நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். ‘தெரியாதா’, ‘மௌனமா’ ரெண்டுலயும் கேள்வி கேக்குறது அதே ‘ஆ’தான். கண்ணதாசன் அதை வினையில ஒட்டுறார். அதனால கேள்வி முழுசா இருக்கு, மனசு பதில் சொல்லியே ஆகணும். முத்துக்குமார் பெயர்ச்சொல்லுல ஒட்டுறார். மௌனத்தை என்ன பண்ணணும்னு சொல்ல வினை இல்ல. பேச முடியாம நிக்கிறவனோட வாக்கியம் அப்படித்தானே பாதியில நிக்கும்!

‘அமர்ந்து பேசும் மரங்கள்’னு சொல்றாரே, அதையும் கவனிங்க. மரமா உக்காந்து பேசுது? ‘நாங்க படிச்ச பள்ளிக்கூடம்’னு சொன்னா பள்ளிக்கூடம் படிக்கலையே. அதே மாதிரி இது காதலனும் காதலியும் உக்காந்து பேசின மரம். ஆனா ‘நாங்க’ங்கிற சொல்லு அங்க இல்ல. அவ போயிட்டா, வாக்கியத்துலயும் அவங்களுக்கு இடம் இல்லாம போயிடுச்சு. அடுத்து வர்ற கொலுசு, அறை, உடைஞ்சு போன வளையல் எல்லாமே அவ இருந்ததுக்குச் சாட்சி. இவருக்குச் சோகத்தைச் சொல்ல ஒரு பொருள் வேணும்.

சரி, ஒரே பாட்டை வச்சு ‘இவர் நீள வாக்கியக்காரர்’னு முடிவு பண்ணலாமா? கூடாது. நானே 2013-ல வந்த ‘தங்க மீன்கள்’ பாட்டை எடுத்துப் பார்த்ததும் என் கணக்கு உடைஞ்சுது. “ஆனந்த யாழை மீட்டுகிறாய், அடி நெஞ்சில் வண்ணம் தீட்டுகிறாய்.” சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொண்ணும் வினையில முடியுது, ஒரே அச்சு. கண்ணதாசன் பாணிதான்! மெட்டு அந்த இடத்துல அதைக் கேக்குது. ஆனா அடுத்த வரியிலயே குடை வந்துடுது, மழைத்துளி வந்துடுது. வாக்கிய நீளம் மெட்டோட மாறுது, பொருள் மேல இருக்குற பிடி மாறல.

கண்ணதாசன் பக்கமும் இதே சோதனை. 1961-ல ‘பாவ மன்னிப்பு’ படத்துல “மாதங்களில் அவள் மார்கழி”ன்னு எழுதினார். மார்கழி ஒரு படிமம்தான். ஆனா அது அவ வீட்டு வாசல்ல கிடக்குற பொருள் இல்ல. கீதையில கண்ணன் ‘மாதங்களில் நான் மார்கழி’ன்னு சொல்றதை எடுத்து, ‘நான்’ இருந்த இடத்துல ‘அவள்’னு வச்சிருக்கார். எல்லாருக்கும் தெரிஞ்ச பொதுச் சொத்துல இருந்து படிமம் எடுக்குறவர் அவர். அதனாலதான் அந்த வரியை யாரும் தன் காதலிக்குச் சொல்லிக்க முடியுது. முத்துக்குமாரோட வளையல் ஒரே ஒருத்தியோட வளையல்.

நீங்க இதைச் செஞ்சு பாக்குறதா இருந்தா ஒரு விஷயம். இணையத்துல இருக்குற பாடல் வரியை அப்படியே நம்பி எண்ணாதீங்க. பாடகர் மூச்சு விட்ட இடத்துல எல்லாம் வரியை உடைச்சிருப்பாங்க, திரும்பப் பாடினதையும் சேர்த்திருப்பாங்க. பாட்டைக் கேட்டு, முற்று வினை எங்க வருதுன்னு பார்த்து நீங்களே பிரிங்க. வினையே வராம ஒரு வரி நின்னுச்சுன்னா, அதைக் கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வாரம் அதுல இருந்தே தொடங்குறேன்.