ஒரே செக், இரண்டு தராசு
(நூலக வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். சந்தேகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொலை வழக்கு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் செக் வழக்கைத்தான் எடுக்கப் போகிறேன். கொலை வழக்கில் கணக்கு சுலபம்: மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பு, அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல். சுமையும் அளவும் ஒரே ஆள் தலையில் இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். செக் வழக்கில் அவை தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

சுமை என்றால், யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பது. அளவு என்றால், எவ்வளவு தூரம் மெய்ப்பிக்க வேண்டும் என்பது. சிவில் வழக்கில் இரண்டு கதைகளையும் தராசில் வைத்து, எந்தத் தட்டு கொஞ்சம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. 1975-ல் ஒரு விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியது. கிரிமினல் வழக்கில் தட்டு தாழ்ந்தால் மட்டும் போதாது. நியாயமான சந்தேகம் மிச்சம் இருந்தால் அதன் பலன் எதிரிக்கு. (கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றுதான் சொல்வோம், பகையாளி என்று அர்த்தமில்லை.)

செக் திரும்பினால் போடுவது மாற்று முறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு. இரண்டு வருஷம் வரை ஜெயில் உண்டு. ஆனால் கையெழுத்து என்னுடையதுதான் என்று எதிரி ஒப்புக்கொண்ட நொடியில், 139-ஆம் பிரிவு அந்த செக் ஒரு கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்று அனுமானித்துக்கொள்ளும். ‘கடன் இல்லை’ என்று காட்டும் சுமை எதிரிமேல் போய்விடும். கிரிமினல் வழக்கில் இப்படி நடப்பது அபூர்வம்.

சரி, எவ்வளவு காட்ட வேண்டும்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சுமை மாறியதால் கிரிமினல் அளவும் கூடவே எதிரிமேல் போய்விடாது. எதிரிக்கு சிவில் அளவு போதும். அவர் சொல்வது நடந்திருக்கக்கூடும் என்று நீதிபதிக்குப் பட்டால் அனுமானம் உடையும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. அதற்கு எதிரி கூண்டில் ஏற வேண்டும் என்றுகூட இல்லை. புகார்தாரரின் சாட்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘எதுவும் எழுதாத செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன்’ என்று வெறுமனே வாயால் சொன்னால் அனுமானம் உடையாது.

கர்நாடகத்திலிருந்து போய், 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு. புகார்தாரர் ஓய்வுபெற்ற ஊழியர். 2011 நவம்பரில் ஆறு லட்சம் கைமாத்து கொடுத்ததாகச் சொன்னார். செக் திரும்பியது. கையெழுத்தில் தகராறு இல்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் எதிரித் தரப்பு கேட்டது ஒன்றே ஒன்று: ‘ஆறு லட்சம் உங்களிடம் எப்படி வந்தது?’ அவர் ஓய்வுபெற்றது 1997-ல், கைக்கு வந்தது எட்டு லட்சம். 2010-ல் சொத்து வாங்கும் ஒப்பந்தத்துக்கு நாலரை லட்சம் கொடுத்திருக்கிறார். வேறு ஒருவருக்கும் கடன் கொடுத்திருக்கிறார். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து என்பதற்குத் திருப்தியான பதில் இல்லை.

கடனே கொடுக்கவில்லை என்று அதனால் நிரூபணமாகிவிட்டதா? இல்லை. எங்கேயாவது பணம் வைத்திருந்திருக்கலாம். ஆனால் எதிரி காட்ட வேண்டியிருந்த அளவுக்கு அது போதும். அனுமானம் உடைந்து, சுமை புகார்தாரரிடமே திரும்பிவிட்டது. இனி அனுமானத்தின் துணையில்லாமல் தன் வசதியையும் கடனையும் அவரே மெய்ப்பிக்க வேண்டும். அவரால் முடியவில்லை. விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து தண்டித்தது. உச்ச நீதிமன்றம் மறுபடி விடுதலை செய்தது.

அதனால்தான் கடன் கொடுக்கிறவர்களிடம் நான் நச்சரிப்பேன்: பாங்க் மூலமாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால், அன்று கணக்கிலிருந்து எடுத்த பதிவாவது இருக்கட்டும். செக் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தால், குறுக்கு விசாரணையில் மாட்டுவீர்கள்.

விடுதலை ஆகிவிட்டால் கடன் போய்விட்டதா என்பார்கள். போகவில்லை. சந்தேகத்தின் பலனில் வந்த விடுதலை, பணம் கேட்கும் சிவில் வழக்கைக் கட்டுப்படுத்தாது. சிவில் நீதிபதி சாட்சியத்தைப் புதிதாகத் தராசில் வைப்பார். அங்கே கொஞ்சம் தாழ்ந்தாலே போதும்.

என் கட்சிக்காரர் ஒருவர் செக் வழக்கில் தோற்ற மறுவாரம் வந்தார். ‘சார், அந்த இன்னொரு கேஸைப் போட்டுடலாமா?’ என்றார். நான் செக்கை வாங்கித் தேதியைப் பார்த்தேன். பண வழக்குக்குக் காலவரம்பு மூன்று வருஷம். செக் தேதியிலிருந்து எண்ணினாலும் நாலு வருஷம் ஓடியிருந்தது. இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.