மேற்கு வெயில் படும் வாடகை வீட்டுக்கு எந்த ஏசி?

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தார், மேற்குப் பார்த்த படுக்கையறைக்கு விண்டோ ஏசி வாங்குவதா, ஸ்பிளிட் ஏசி வாங்குவதா என்று அண்மையில் என்னைக் கேட்டார்கள். அறை 12-க்கு 10 அடி. மேற்குச் சுவரில் கம்பி போட்ட ஒரே ஜன்னல். வடக்கே துணி உலர்த்தும் சிறு பால்கனி.

வெயில் விழுவது பிற்பகலில்தான் என்றாலும், 9 அங்குலச் செங்கல் சுவர் அந்த வெப்பத்தை மெல்ல வாங்கி, பொழுது சாய்ந்த பின்னும் பல மணி நேரம் அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே, இந்த அளவு அறைக்கு வழக்கமாகப் போதுமான ஒரு டன் ஏசி இங்கே மாலையில் திணறும் என்பதால் ஒன்றரை டன் வாங்கச் சொன்னேன்.

விண்டோ ஏசியில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அறையின் வெப்பத்தை வெளியேற்றும் அதன் பின்பக்கம், இந்த வீட்டில் மேற்கு வெயிலிலேயே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சூடேறிய சுவரை ஒட்டிய காற்றில் வெப்பத்தைத் தள்ளுவது கடினம். குளிர் மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அதன் திறன் குறையும். ஜன்னல் கம்பியையும் அறுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இசைவதில்லை. நிழலான பக்கத்தில் ஏசிக்கென்றே விட்ட சதுரத் திறப்பு இருந்திருந்தால், தயங்காமல் விண்டோவையே சொல்லியிருப்பேன். வீடு மாறும்போது வாயுவைத் தொடாமல் அப்படியே தூக்கிச் செல்லலாம் என்பது வாடகைக்காரருக்குப் பெரிய வசதி.

ஸ்பிளிட்டில் வெளி யூனிட்டை வடக்குப் பால்கனிக்குக் கொண்டுபோக முடிந்தது. இதன் சிக்கல் வீடு மாறும் நாளில் வருகிறது. கழற்றுமுன், ஏசியைக் குளிர்நிலையில் ஓடவிட்டு, வெளி யூனிட்டின் மெல்லிய குழாய்க்குரிய வால்வை முதலில் அடைத்து, வாயு முழுவதும் வெளி யூனிட்டில் சேர்ந்ததும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே ஏசியை நிறுத்த வேண்டும். இதைத்தான் மெக்கானிக்குகள் பம்ப் டவுன் என்கிறார்கள். புதிய வீட்டில் பொருத்தும்போது, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்ப் வைத்து எடுத்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். பம்ப் கொண்டுவராமல், கொஞ்சம் வாயுவை வெளியே விட்டுக் காற்றைத் தள்ளுகிறவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். சில வாரங்களில் குளிர் குறைந்து, குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், அங்கே வாயு கசிகிறது என்று பொருள். இணைப்பைச் சரிசெய்யாமல் வாயுவை மட்டும் நிரப்பினால் அதுவும் போய்விடும்.

அந்தக் குடும்பத்தார் ஸ்பிளிட்டையே வாங்கினார்கள். சுவரில் துளையிடுமுன் உரிமையாளரிடம் எழுத்து மூலம் இசைவு பெறச் சொன்னேன். காலி செய்யும்போது துளையை யார் அடைப்பது என்பதையும் அதிலேயே எழுதிக்கொண்டார்கள்.