ஒரு தையற்காரரின் தோள் வலி

நேயர்களுக்கு வணக்கம். இயன்முறை மருத்துவராகிய நான், ஒரு நோயாளியின் வலிக்கான காரணத்தை என் அறையில் அல்லாமல் அவருடைய தையல் கடையில் கண்டுகொண்ட கதையை இன்று சொல்கிறேன்.

46 வயதான அந்தத் தையற்காரருக்கு, கழுத்தின் வலப்புறத்தில் தொடங்கித் தோள்பட்டை வரை பரவும் வலி எட்டு மாதமாக இருந்தது. முதலில் தலையணையை மாற்றினார், பிறகு தைலம் தேய்த்தார். எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பில் இலேசான தேய்மானம் தெரிந்ததும், அதுதான் காரணம் என்று முடிவே செய்துவிட்டார். வலி சிறிதும் இல்லாத பலருக்கும் அந்த வயதில் அதே தேய்மானம் படத்தில் தெரியும் என்பதால், நான் அதை உடனே ஏற்கவில்லை. கை மரத்துப்போகிறதா, கத்தரிக்கோல் பிடியில் பலம் குறைந்திருக்கிறதா என்று கேட்டும் சோதித்தும் பார்த்தேன். நரம்பு நசுங்குவதற்கான அறிகுறி எதுவும் இல்லை. கடை மூடியிருக்கும் நாளில் வலி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, சற்று யோசித்துவிட்டு, "அன்றைக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை டாக்டர்" என்றார்.

மறுநாள் மாலை அவர் கடையில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பழைய மெஷினை விற்றுவிட்டு, மோட்டார் பொருத்திய, மேசை உயரமான மெஷினை அவர் வாங்கியிருந்தார். முக்காலி மட்டும் பழையது. கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொன்னபோது, மேசை அதைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஆகவே துணியைத் தள்ளும்போதெல்லாம் தோள்கள் காதை நோக்கி உயர்ந்தே நின்றன. பெடல் வலப்பக்கம் ஒதுங்கியிருந்ததால் உடல் சற்றுத் திரும்பியிருந்தது. ஊசிமுனையில் நிழல் விழுந்ததால் முகம் துணியை நோக்கிக் குனிந்தது. ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலை அப்படி முன்னே சாயும்போது, அதை இழுத்துப் பிடிப்பது பிடரித் தசைகளின் வேலை. உயர்த்திய தோளையும் சாய்ந்த தலையையும் அத்தசைகள் நாள் முழுதும் தளராமல் தாங்கின.

முக்காலியைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினோம். அதற்கு மேல் போனால் தொடை மேசையில் இடித்தது. உயர்த்தியதும் கால் பெடலுக்கு எட்டவில்லை, அதனால் பெடலுக்கு அடியில் பலகை வைத்து, அதை ஊசிக்கு நேராக நகர்த்தினோம். தலை குனிவது குறைய மேசையின் பின்கால்களுக்குக் கட்டை கொடுத்துத் தன்பக்கம் சாய்த்தபோது, நூற்கண்டு உருண்டு அவர் மடியிலேயே விழுந்தது; சாய்வைப் பாதியாகக் குறைத்து, மேசை விளிம்பில் ஒரு மெல்லிய சட்டம் அடித்தோம். விளக்கை ஊசியின் இடப்பக்கம் மாற்றினோம்.

முதல் வாரம் இடுப்பு வலிக்கிறது என்று அவர் முறையிட்டார். புதிய உயரத்துக்கு உடல் பழகச் சில நாள் ஆகும் என்று சொன்னேன். நான்காவது வாரத்தில் தோள் வலி மாலைக்கு மட்டும் சுருங்கியது. இரண்டு மாதத்தில், கனமான துணியை இடைவெளியின்றித் தைக்கும் நாட்களில் மட்டுமே தலைகாட்டியது. பழைய முக்காலியை என்ன செய்தார் என்று விசாரித்தேன். பட்டன் கட்டும் பையன் அதில் உட்கார்ந்திருந்தான், தோள்களைக் காதுவரை தூக்கிக்கொண்டு.