பின்னணியைத் தொடுவதற்கு முன்: லேயர், செலக்‌ஷன், மாஸ்க்

[திரையில்: GIMP-இல் ஒரு படம். தலையில் மல்லிகைப்பூ வைத்த பாட்டி, பின்னால் நீலச் சுவர்.]

வணக்கம். இந்த நீலச் சுவரை எடுக்க வேண்டும், ஆனால் இப்போதைக்குச் சுவரைத் தொட வேண்டாம். பலரும் எடுத்தவுடன் ரப்பரால் அழிக்க ஆரம்பிப்பார்கள், அப்போது காதோரத்து முடியும் சேர்ந்து அழிந்து, கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் அந்த முடி போனது போனதுதான்.

முதலில் லேயர். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் படம் ஒரு தாள். அதற்குக் கீழே ஒரு புதுத் தாள் வைத்து முழுக்க மஞ்சள் பூசுகிறேன். மஞ்சள் தெரிகிறதா? தெரியாது, மேல் தாள் மறைக்கிறது. அதில் எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கேதான் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

[திரையில்: பாட்டியைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு.]

பாட்டி எதுவரை, அந்த ஓட்டை எங்கே என்று பிரித்துச் சொல்வது செலக்‌ஷன். கோடு போட்டதால் படத்தில் எதுவும் மாறவில்லை, பாருங்கள். இனி நீங்கள் செய்யும் வேலை இந்தக் கோட்டுக்குள் மட்டும் நடக்கும் என்பதுதான் அதன் பொருள். வேறு இடத்தில் தவறிக் கிளிக் செய்தால் கோடு போய்விடும், பத்து நிமிட உழைப்பும் போய்விடும்.

அதைப் போகாமல் பிடித்து வைப்பதுதான் மாஸ்க். பாட்டியின் லேயர் மேல் வலது கிளிக் செய்து Add Layer Mask, அதில் Selection. கோட்டுக்கு வெளியே இருந்த சுவர் மறைந்து மஞ்சள் வந்துவிட்டது, ஆனால் சுவர் அழியவில்லை. லேயருக்குப் பக்கத்தில் கருப்பு வெள்ளையில் ஒரு குட்டிப் படம் வந்திருக்கிறதே, அதுதான் மாஸ்க்: வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கருப்பு இருக்கும் இடம் மறையும், சாம்பல் என்றால் அரைகுறையாகத் தெரியும். முடியின் ஓரம் கத்தரியால் வெட்டியது போல இல்லாமல் மென்மையாக இருக்க அந்தச் சாம்பல்தான் வேண்டும்.

சரி, ஒரு மல்லிகை மொட்டு காணாமல் போயிருக்கிறது. வெள்ளை பிரஷ்ஷால் அந்த இடத்தில் தடவுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் பழைய செலக்‌ஷன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, மொட்டு அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. Shift+Ctrl+A அழுத்திச் செலக்‌ஷனை விடுங்கள், அப்புறம் தடவுங்கள். மொட்டு வந்துவிட்டது.

இன்னொன்று. கருப்பால் தடவும்போது பாட்டியின் கன்னத்தில் கரி பூசியது போல ஒரு கோடு விழுந்தால், நீங்கள் மாஸ்க்கில் இல்லை, படத்திலேயே வரைகிறீர்கள். உடனே Ctrl+Z, பிறகு அந்தக் கருப்பு வெள்ளைக் குட்டிப் படத்தின் மேல் ஒரு கிளிக்.

சேமிக்கும்போது .xcf ஆகச் சேமியுங்கள், லேயரும் மாஸ்க்கும் அப்படியே இருக்கும். JPG-இல் எல்லாம் ஒரே தாளாக ஒட்டிக்கொள்ளும்.

[திரையில்: மாஸ்க்கில் வெள்ளை பூச, நீலச் சுவர் முழுதாகத் திரும்புகிறது.]