எத்தனை ஊத்தினாலும் அசையாத பையன்

[காட்சி: விடிகாலை, கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கள் இறக்குபவர் மரம் ஏறுகிறார்.]

வணக்கம். இது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. கேரளத்தில் இருந்தாலும் இங்கே பல ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ்தான். கேரளத்தின் பல கள்ளுக்கடைகளுக்கு இங்கிருந்துதான் கள் போகிறது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால் பொள்ளாச்சி பக்கத்து ஆட்களும் எல்லை தாண்டி வருவார்கள்.

இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "பையன் அப்படியே அப்பனை மாதிரி மாமா. எத்தனை ஊத்தினாலும் அசைய மாட்டான்." பெருமையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பயமாக இருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

[காட்சி: கோட்டோவியம். ஒரு வீடு, ஒரு அப்பா, இரண்டு பையன்கள்.]

ஒரு வீட்டை வைத்துப் பேசுவோம். பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து நான் உருவாக்கிய வீடு இது. அப்பா குடிக்கு அடிமை. பெரியவன் அவரோடு வளர்கிறான். சின்னவனைக் கைக்குழந்தையிலேயே உடுமலைப்பேட்டைப் பெரியம்மா எடுத்து வளர்க்கிறார். அங்கே யாரும் குடிப்பதில்லை. அப்படியானால் சின்னவன் தப்பித்தானா?

பாதி தப்பித்தான். 1973-ல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, கைக்குழந்தையிலேயே தத்துப் போன மகன்களில் 18 சதவீதம் பேர் பெரியவர்களானதும் குடிநோயாளிகளானார்கள். அப்படிப்பட்ட பெற்றோர் இல்லாத தத்துப் பிள்ளைகளில் அது 5 சதவீதம். பெற்ற தகப்பன் குடிப்பதை இவர்கள் பார்த்தே வளரவில்லை, ஆனாலும் மூன்று மடங்குக்கு மேல். ரத்தத்தில் ஏதோ வருகிறது.

என்ன வருகிறது? "குடிகார ஜீன்" என்று ஒன்று கிடையாது. சின்னச் சின்னதாய் வேலை செய்யும் பல மரபணுக்கள் சேர்ந்து வருகின்றன. அவற்றின் விளைவுகளில் ஒன்றுதான் அந்த அசையாத தன்மை.

[காட்சி: ஒரே அளவு ஊற்றிய இரண்டு டம்ளர்கள்.]

அமெரிக்காவில் சான் டியாகோவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர் இருபது வயதையொட்டிய இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்தார். குடித்தபின் நிற்கும்போது உடம்பு எவ்வளவு ஆடுகிறது, போதை எவ்வளவு தெரிகிறது என்று குறித்தார். குடிநோயாளிகளின் மகன்களில் பலருக்குப் போதை குறைவாகத்தான் தெரிந்தது. ரத்தத்தில் மதுவின் அளவு மற்றவர்களுக்கு இருந்த அதே அளவுதான். கல்லீரலுக்கும் அதே அடிதான். மூளை மட்டும் "போதும்" என்று சொல்லத் தாமதிக்கிறது.

சுமார் பத்து ஆண்டு கழித்து அவர்களைத் திரும்பப் பார்த்தார். குடிநோயாளிகளின் மகன்களில், அன்று போதை குறைவாகத் தெரிந்தவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகள். நன்றாகத் தெரிந்தவர்களில் 14 சதவீதம். இது ஆண்களை மட்டும், அதுவும் வேறொரு நாட்டில் பார்த்த கணக்கு. நம் ஊருக்கு எண்கள் மாறலாம்.

காரணம் எளிது. நண்பன் இரண்டு கிளாஸில் தள்ளாடி நிறுத்திக்கொள்கிறான். இவனுக்கு அதே கிறுகிறுப்பு வர நான்கு வேண்டும். நான்கு பழகினால் அடுத்த வருஷம் ஆறு. அதிகம் குடிப்பவர்களே கூட்டாளிகளாகவும் சேர்கிறார்கள். நம் அண்ணன் தம்பி இருவருக்குமே இந்தச் சுபாவம் வந்திருக்கலாம்.

[காட்சி: இரவு. பாயில் படுத்திருக்கும் சிறுவன், திறந்த கண்கள். வெளியே பைக் சத்தம்.]

பெரியவனுக்கு இன்னொன்றும் சேர்கிறது. ராத்திரி பைக் சத்தத்தை வைத்தே அப்பா எப்படி வருகிறார் என்று கணிக்கப் பழகிய பிள்ளை அவன். அம்மா அடி வாங்குவதைப் பார்த்தவன். வருஷக்கணக்கில் இப்படிக் காவல் காத்தால், பதற்றத்தை ஏற்றி இறக்கும் உடம்பின் ஏற்பாடே மாறிவிடும். கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பது தாறுமாறாகும். சின்ன விஷயத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பதினாறு வயதில் முதல் கிளாஸ் உள்ளே போனதும், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் காவல் ஓய்கிறது. பெரிய போதை தெரியவில்லை, ஆனால் நிம்மதி தெரிகிறது. அந்த நிம்மதிதான் அவனைத் திரும்ப இழுக்கிறது. அப்புறம், போதை இறங்கும்போது பதற்றம் முன்னைவிட ஏறும். அதை அடக்க இன்னொரு கிளாஸ்.

1998-ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வில், அடி, அம்மா அடி வாங்குவதைப் பார்ப்பது, வீட்டில் குடி போன்ற சிறுவயதுக் கஷ்டங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்கள் குடிநோயாளியாவது, எதுவும் படாதவர்களைவிட ஏழு மடங்கு அதிகமாக இருந்தது.

[காட்சி: திண்ணையில் ஒரு மாமாவும் மருமகனும்.]

ஒரு பையனுக்கு அந்த அசையாத தன்மை இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமா? மரபணு டெஸ்ட் எடுத்துப் பயனில்லை. ஷக்கிட் பயன்படுத்திய கேள்வி ஒன்று இருக்கிறது. குடிக்க ஆரம்பித்த முதல் ஐந்து தடவையில், லேசாகத் தலை சுற்ற எத்தனை கிளாஸ் ஆனது? நாக்குக் குழற எத்தனை? கால் தள்ளாட எத்தனை? இப்போதைய எண்ணிக்கையைக் கேட்டால் பழக்கம் கலந்துவிடும். அதனால்தான் முதல் ஐந்து தடவை.

மிரட்டாமல் கேளுங்கள். "ஏன்டா மாப்பிள்ளை, முதல்ல குடிச்சப்ப எத்தனையில ஏறுச்சு?" அவன் "ஏறவே இல்ல மாமா" என்று சிரித்தால், அவனுடைய அப்பாவின் கதையை அன்றே உட்கார்ந்து பேசுங்கள்.