குளியலறைக்குப் பாக்கெட் கதவு: எந்தப் பக்கம் நுழையும்?

[காட்சி: படுக்கையறை. குளியலறைக் கதவு திறக்கும்போது கட்டிலின் ஓரத்தில் இடிக்கிறது.]

வணக்கம். இது பினாங்கு, ஜெலுத்தோங்கில் உள்ள ஒரு தெரஸ் வீடு. இங்குள்ள பாட்டி வாக்கர் பிடித்து நடப்பவர். கதவைத் திறக்க வேண்டுமென்றால் அவர் வாக்கரோடு இரண்டு அடி பின்னால் வரவேண்டும். ஈரக்காலோடு வெளியே வரும்போதும் கதவு குறுக்கே நிற்கும். அதனால்தான் சறுக்குக் கதவு வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள்.

சறுக்குக் கதவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சுவரின் மேலே டிராக் பூட்டி வெளியிலேயே ஓடுவது. மற்றது, சுவருக்குள் நுழைந்து மறைந்துகொள்ளும் பாக்கெட் கதவு. இரண்டுக்கும் திறப்பின் பக்கத்தில் ஒரு கதவு அகலச் சுவர் தேவை. வெளிக்கதவு அந்தச் சுவரின் முன்பக்கத்தைக் கேட்கும். பாக்கெட் கதவு அதன் உள்பக்கத்தைக் கேட்கும்.

[காட்சி: திறப்பின் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம்.]

இடப்பக்கச் சுவரில் விளக்கு சுவிட்ச் இருக்கிறது, உள்ளே கைகழுவும் தொட்டியின் தண்ணீர்க் குழாய் போகிறது. வலப்பக்கம் அலமாரி நிற்கிறது. வெளிக்கதவை இடப்பக்கம் ஓட்டினால் சுவிட்சை மூடிவிடும், வலப்பக்கம் ஓட்டினால் அலமாரியில் முட்டும். பாக்கெட் கதவுக்கோ அலமாரி ஒரு தடையே இல்லை. அதனால் இந்த வீட்டில் வலப்பக்கப் பாக்கெட்தான் என்று முடிவு செய்தோம்.

வெளிக்கதவைக் குறைத்துச் சொல்லவில்லை. சுவரை உடைக்க வேண்டாம், பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அதில் வாடையும் சத்தமும் வெளியே வரும். குளியலறைக்கு எனக்கு அது மனம் ஒப்பவில்லை.

[காட்சி: சுவரின் குறுக்கு வெட்டுப் படம்.]

சரி, சுவருக்கு எவ்வளவு கனம் வேண்டும்? கதவுப் பலகை 40 மில்லிமீட்டர். இரு பக்கமும் உரசாமல் இருக்க 6, 6 விடுகிறோம். ஆக உள்வெளி 52. அதன் இரு பக்கமும் 20 மில்லிமீட்டர் இரும்புச் சட்டம். படுக்கையறைப் பக்கம் 12 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு, குளியலறைப் பக்கம் அதே கனத்தில் சிமெண்ட் போர்டு, அதன்மேல் பசையோடு சேர்த்து டைல்ஸ் 14. கூட்டினால் 130. இங்கிருந்த செங்கல் சுவர் பூச்சோடு 150 இருந்தது. மிச்ச இடத்தில் ஜிப்சம் போர்டை இரண்டு அடுக்காகப் போட்டோம். ஒற்றை அடுக்காக இருந்தால் கையை ஊன்றும்போது சுவர் உள்ளே அமுங்கிக் கதவில் உரசும். மரச்சட்டம் போடாததற்கு ஒரே காரணம் கரையான்.

அகலம்தான் பலரும் தவறவிடும் கணக்கு. கதவு 750 என்றால் சுவரில் திறக்க வேண்டிய இடம் 750ஐப் போல இரண்டு மடங்கு, மேலும் ஒரு 25. மொத்தம் 1,525. பழைய லின்டல் பழைய வாசல் அளவுக்குத்தான் இருக்கும். அதை அப்படியே விட்டுப் பக்கத்துச் செங்கலை எடுத்தால் மேலே உள்ளவை இறங்கிவிடும். முதலில் நீளமான புது லின்டல் வைத்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும். சுவர் பாரம் தாங்குவதா என்று எஞ்சினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுக்குமாடியில் அந்தச் சுவர் கான்கிரீட்டாக இருந்தால் பாக்கெட்டை மறந்துவிடுங்கள், அதைத் தொடவே கூடாது.

[காட்சி: டிராக் மேல் நீர்மட்டக் கருவி, ரோலரில் தொங்கும் கதவு.]

டிராக் துளியும் சாயக்கூடாது. சாய்ந்தால் கதவு தானாகவே ஒரு பக்கம் உருளும். பாதியில் நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ரோலரின் நட்டைத் திருகிக் கதவின் உயரத்தைச் சரி செய்யலாம். இந்தச் சோதனை எல்லாம் போர்டு அடிக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

அப்புறம் ஸ்க்ரூ. போர்டு அடிக்கும்போது ஸ்க்ரூ முனை உள்வெளிக்குள் எட்டிப் பார்த்தால் போதும், கதவு ஒவ்வொரு முறையும் கீறிக்கொண்டு போகும். சரக், சரக் என்று ஒரே இடத்தில் சத்தம் கேட்டால் அதுதான் காரணம். வெளி அடுக்குக்கு 35 மில்லிமீட்டர் போட்டோம். இரண்டு போர்டும் 24, சட்டத்துக்குள் 11, அதோடு நின்றுவிடும். அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்கவில்லை, டைல்ஸ் பக்கம் துண்டு மாட்டும் கம்பியும் அடிக்கவில்லை. பாக்கெட் இருக்கும் இடத்தை வீட்டார் அலமாரியின் உள்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, வாசல் நிலையின் ஒரு பக்கச் சட்டத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், ஸ்க்ரூவால் மட்டும் பூட்டுங்கள். என்றாவது ரோலர் தேய்ந்தால் அந்தச் சட்டத்தைக் கழற்றிக் கதவை வெளியே எடுத்துவிடலாம். இல்லையென்றால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.